இலைக்குள் விழுந்த ஓட்டை: பேக்ரவுண்ட் இரேசரின் மூன்று சாம்பிளிங்கும் எங்கே கைவிடும்

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நெருங்கினால் ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்குத் தூக்கம் கிடையாது. மண்டிக்காரர், கூழ் ஆலைக்காரர், நாற்றுப் பண்ணைக்காரர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோரிடமும் ஒரு மாம்பழப் படம் இருக்கும். எல்லோருக்கும் அந்தப் படத்தின் பின்னணியை எடுத்துவிட்டு மஞ்சள் பின்னணியில் வைக்க வேண்டும்.

சந்தூர் பக்கத்தில் ஒட்டுக்கன்று விற்கும் ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார். காலை நேரத்தில், வானத்தைப் பார்த்தபடி எடுத்த படம். தோளில் சிவப்பேறிய செந்தூரா நான்கு, ஒரே கிளையில் தொங்குகின்றன. சுற்றிலும் நிறைய இலை, இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். எட்டுக்கு நாலு அடி பேனர். அன்றைக்கு வேலை குவிந்து கிடந்ததால், ஃபோட்டோஷாப்பில் பின்னணியை அழிக்கும் பேக்ரவுண்ட் இரேசரை எடுத்து, டாலரன்ஸை ஏற்றி வைத்து, பெரிய பிரஷ்ஷால் பத்தே நிமிடத்தில் வானத்தைத் துடைத்துவிட்டேன். திரையில் சின்னதாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாலையில் வந்தவர் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“என்ன தம்பி, இலையெல்லாம் பூச்சி அரிச்ச மாதிரி இருக்கு? இதைப் போட்டா என் கன்னுங்களை எவன் வாங்குவான்?”

அவர் சொன்னது சரிதான். முற்றிய, பளபளப்பான இலைகளில் ஓட்டை ஓட்டையாக மஞ்சள் தெரிந்தது. “காலையில தரேங்க அண்ணா” என்று அனுப்பிவிட்டு, இரவு அதே படத்தை மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிளிங் மோடை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பல வருடமாகக் கை பழக்கத்தில் பயன்படுத்திய கருவி. எந்த மோட் எங்கே கைவிடுகிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோஷாப்பில் Background Eraser Tool-ஐ எடுத்தால் கர்சர் ஒரு வட்டமாகவும், அதன் நடுவே ஒரு பிளஸ் குறியாகவும் தெரியும். பிளஸ் குறி நிற்கும் இடத்தின் நிறம்தான் அழிக்க வேண்டிய நிறம். வட்டத்துக்குள் அந்த நிறத்தை ஒத்தவை அழியும், மற்றவை நிற்கும். எவ்வளவு தூரம் ஒத்திருந்தால் போதும் என்பதை Tolerance சதவீதம் சொல்கிறது. ஆக வட்டம் இலை மேல் ஏறலாம், பிளஸ் குறிதான் ஏறக் கூடாது. (கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் வட்டம் மறைந்து வெறும் பிளஸ் குறி மட்டும் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று கடைப்பையன் ஒருமுறை மென்பொருளையே மறுபடி நிறுவப் போய்விட்டான்.)

மேலே ஆப்ஷன் பட்டையில் மூன்று சொட்டுக்குழாய் ஐகான்கள் இருக்கும். மவுஸை மேலே வைத்தால் Sampling: Continuous, Sampling: Once, Sampling: Background Swatch என்று பெயர் காட்டும். அழிக்க வேண்டிய நிறத்தை எப்போது முடிவு செய்வது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. கண்டினியூவஸில் இழுக்க இழுக்கப் பிளஸ் குறியின் கீழே வரும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்ஸில் பொத்தானை அழுத்திய நொடியில் கீழே இருந்த நிறம்தான், விடும்வரை அதுவே. ஸ்வாட்ச்சில் பிளஸ் குறிக்கு மதிப்பே இல்லை. கருவிப் பட்டையின் அடியில் இருக்கும் இரண்டு வண்ணச் சதுரங்களில் பின்னால் உள்ளது எந்த நிறமோ, அதுதான் அழியும்.

இனி அந்தப் படம். ஏன் ஓட்டை விழுந்தது என்று பார்க்க F8 அழுத்தி இன்ஃபோ பேனலைத் திறந்து, மவுஸை மெல்ல நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்ற மூன்று எண்களைக் குறித்துக்கொண்டேன். அடிவானத்துக்குப் பக்கத்தில் வானம் கிட்டத்தட்ட வெள்ளை: 228, 233, 236. படத்தின் நடுவில் வெளிர் நீலம்: 178, 203, 227. உச்சியில் நல்ல நீலம்: 118, 162, 212. இலையின் பச்சை 62, 88, 40. இதுவரை சிக்கல் இல்லை, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. ஆனால் மா இலை முற்றிவிட்டால் மேல்புறம் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும், வானத்தையே கண்ணாடிபோல் திருப்பிக் காட்டும். அந்தப் பளபளப்பில் மவுஸை வைத்தேன். 181, 204, 222.

நடு வானத்துக்கும் இலைப் பளபளப்புக்கும் வித்தியாசமே இல்லை. நம் கண்ணுக்கு அது இலை, ஏனென்றால் இலையின் வடிவம் நமக்குத் தெரியும். கருவிக்கு வடிவம் தெரியாது, மூன்று எண்கள்தான் தெரியும். அதைப் பொறுத்தவரை அது இலைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு துண்டு வானம், துடைத்துவிட்டது. பெரியவர் பார்த்த பூச்சி அரிப்பு இதுதான்.

முதல் பிரதியில் ஒன்ஸ். பகலில் நான் பயன்படுத்தியதும் இதுதான். பொதுவாக எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள், பாதுகாப்பானது என்பார்கள். ஒருமுறை வானத்தில் அழுத்திவிட்டால் போதும், அதன்பின் பிளஸ் குறி இலை மேல் ஏறினாலும் பச்சை அழியாது. கை நடுங்குகிறவர்களுக்கு வரம். வானம் ஒரே நிறமாக இருக்கும் படத்தில் நானும் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் இந்த வானம் ஒரே நிறம் இல்லை. அடியில் அழுத்தி, டாலரன்ஸ் 20-ல் வைத்து மேலே இழுத்தால் கால்வாசி தூரம்கூடப் போகவில்லை, மேலே நீலம் அப்படியே நிற்கிறது. அப்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: டாலரன்ஸை 60-க்கு ஏற்றினேன். வெள்ளையிலிருந்து நீலம் வரை ஒரே இழுப்பில் போனது. அந்த நீட்டத்துக்கு நடுவில்தான் இலைப் பளபளப்பும் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சேர்ந்து போனது. எந்த ஒரே நிறத்தை வைத்துக்கொண்டாலும், மொத்த வானத்தையும் பிடிக்க வேண்டுமென்றால் டாலரன்ஸ் இலைப் பளபளப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிரஷ் அளவையும் ஹார்ட்னெஸ்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் பலனில்லை.

ஒன்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் அது புது சாம்பிள். ஆகவே கையை எடுக்காமல் நீளமாக இழுக்கத் தோன்றும். அப்படி ஒரு நிமிடம் இழுத்த பிறகு ஓரிடத்தில் தப்பு நடந்தால், கன்ட்ரோல் இசட் அடித்தால் அந்த ஒரு நிமிட வேலையும் போய்விடும், மொத்த இழுப்பும் ஒரே அடியாகத்தான் ஹிஸ்டரியில் பதிகிறது. சின்னச் சின்னதாக இழுத்தாலோ, ஒவ்வொரு முறையும் பிளஸ் குறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒருமுறை இலை நுனியில் அழுத்திவிட்டால் அந்த இழுப்பு முழுக்கப் பச்சையை மேய்ந்துகொண்டே போகும். ஆடு புகுந்த தோட்டம்தான்.

இரண்டாம் பிரதியில் கண்டினியூவஸ். இதற்கு ஏனோ கெட்ட பெயர் அதிகம். பிளஸ் குறி தப்பித் தவறி இலையைத் தொட்டால் இலை போச்சு, உண்மைதான். ஆனால் வெளிறிக்கொண்டே போகும் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பிளஸ் குறி எங்கே நிற்கிறதோ அந்த இடத்து வானத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்வதால் டாலரன்ஸ் 15 போதும். அடியிலிருந்து உச்சி வரை நிறம் எவ்வளவு மாறினாலும் அதற்குக் கவலையில்லை, கூடவே மாறிக்கொண்டு வருகிறது. டாலரன்ஸ் குறைவாக இருப்பதால் இலை ஓரமும் பத்திரம்.

கிளையின் வெளி ஓரத்தை இப்படித்தான் எடுத்தேன். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பிரஷ்ஷை 60 பிக்சல் வைத்து, பிளஸ் குறி இலை விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து பிக்சல் தள்ளி வானத்திலேயே ஓடுமாறு, வட்டத்தின் உள்பாதி மட்டும் இலை மேல் ஏறுமாறு சுற்றி வந்தேன். சைக்கிள் சக்கரத்தை வரப்பு ஓரமாக ஓட்டுகிற மாதிரிதான், கண் வட்டத்தில் இருக்கக் கூடாது, பிளஸ் குறியிலேயே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வெளிச்சுற்று முடிந்தது. இரண்டே இடத்தில் கை தவறியது. தவறிய இடம் உடனே தெரியும்: பிரஷ் அளவுக்கு அரைவட்டமாகக் கடித்த மாதிரி இருக்கும். ஒரு அடி பின்னால் போய்த் திரும்ப ஓட்டினால் சரி.

கண்டினியூவஸ் தோற்றது உள்ளே நுழைந்தபோதுதான். இலைகளுக்கு நடுவே இருக்கும் வானத் துண்டுகள் சில 12 பிக்சல் அகலம்கூட இல்லை. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு இழுத்துக்கொண்டு போனால் வழியில் இலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டும் வழியெல்லாம் இலை அழிகிறது. ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாக நுழைந்து, உள்ளேயே மவுஸை நகர்த்தி, வெளியே போகாமல் நிறுத்துவது என்றால் ஊசியில் நூல் கோப்பது போல. நூற்றுக்கும் மேல் துண்டுகள். பத்தைக் கோத்தபின் மணிக்கட்டு வலித்தது.

இந்தப் படம் பெரியவரின் மகன் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியது என்பதும் இந்த இடத்தில்தான் கடித்தது. அப்படி வரும் படம் மறுபடி சுருக்கப்பட்டிருக்கும். ஜேபெக்கில் வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தைப் பாதி அளவில் வைத்துச் சுருக்குவது வழக்கம், அதனால் இலை விளிம்பை ஒட்டிய ஒன்றிரண்டு பிக்சலில் பச்சையும் நீலமும் கலந்து சாணி நிறமாகிவிடும். வானத்திலும் கட்டம் கட்டமாகப் புள்ளி. கண்டினியூவஸில் பிளஸ் குறி அப்படி ஒரு புள்ளியில் நின்றால் அந்தப் புள்ளியின் நிறத்தை எடுத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் சுத்தமான வானத்தைத் தேமலாக விட்டுவிடுகிறது. மகனுக்கு ஃபோன் போட்டு, அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினார், மூலப்படம் வந்தது. தேமல் தொல்லை பெருமளவு போய்விட்டது. அதற்குள் செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

மூன்றாம் பிரதியில் ஸ்வாட்ச். இதை முன்பெல்லாம் நான் தொட்டதே இல்லை. பாஸ்போர்ட் படத்தில் நீலத் துணி, வெள்ளைச் சுவர் எடுக்கத்தான் லாயக்கு என்று நினைத்திருந்தேன். இலை இடுக்குக்கு இதன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. பிளஸ் குறி எங்கே போனாலும் கவலை இல்லை, இலை மேல் தாராளமாக ஓட்டலாம். கையை எடுக்கலாம், டீ குடித்துவிட்டு வந்து தொடரலாம், சாம்பிள் மாறாது. சின்னச் சின்ன இழுப்பாகச் செய்யலாம், தப்பு நடந்தால் ஒரு சின்ன இழுப்பு மட்டும்தான் போகும். Limits என்ற இடத்தில் Discontiguous வைத்துவிட்டால் வட்டத்துக்குள் எத்தனை இடுக்கு இருந்தாலும் எல்லாம் ஒரே வீச்சில் போகும்.

நிறத்தை வைக்கிற முறையில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. பேக்ரவுண்ட் இரேசர் கையில் இருக்கும்போது ஆல்ட்டை அழுத்திச் சொடுக்கினால் நிறம் முன்னால் இருக்கும் சதுரத்துக்குப் போகும், பின்னால் அல்ல. அதை எக்ஸ் அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஐ அழுத்தி ஐடிராப்பரை எடுத்து, அதில் ஆல்ட்டோடு சொடுக்கினால் நேராகப் பின் சதுரத்துக்கே போகும். ஐடிராப்பரில் Sample Size-ஐ 5 by 5 Average வைத்துக்கொள்வது என் பழக்கம். ஒரே பிக்சலில் எடுத்தால் மேலே சொன்ன புள்ளியில் மாட்டிக்கொள்வோம்.

ஸ்வாட்ச்சும் இந்த வானத்தில் தனியாக நிற்கவில்லை. ஒன்ஸுக்கு இருந்த அதே நோய்தான்: ஒரு நிறம், வெளிறும் வானம். ஆனால் இங்கே நிறம் கையில் இருக்கிறது என்பதால் ஒரு வழி உண்டு. வானத்தை மனதுக்குள் மூன்று பட்டையாகப் பிரித்தேன். அடிப்பட்டைக்கு வெள்ளையை வைத்து டாலரன்ஸ் 18-ல் அந்த உயரத்தில் இருந்த இடுக்குகளை மட்டும் துடைத்தேன். அங்கே இலைப் பளபளப்பு வெள்ளையைவிட நீலமாக இருந்ததால் தப்பித்தது. அப்புறம் உச்சிப்பட்டைக்கு நல்ல நீலம். அங்கே பளபளப்பு நீலத்தைவிட வெளிறி இருந்தது, அதுவும் தப்பித்தது. இரண்டு பட்டையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். பகலில் செய்ததைவிட ஐந்து நிமிடம்தான் அதிகம்.

நடுப்பட்டையில்தான் கதை மாறியது. அங்கே வானம் 178, 203, 227. பளபளப்பு 181, 204, 222. டாலரன்ஸை 5-க்கு இறக்கியும் ஓட்டை விழுந்தது. Protect Foreground Color-ஐ டிக் செய்து பார்த்தேன். முன் சதுரத்தில் இருக்கும் ஒரு நிறத்தை அது காப்பாற்றும். இலைப் பச்சையை வைத்தால் பச்சை தப்பிக்கும், ஆனால் பச்சை ஏற்கெனவே தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது. பளபளப்பின் நிறத்தையே காப்பாற்றச் சொன்னால் வானமும் காப்பாற்றப்பட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே நிறம் என்றபின் அதுதானே நடக்கும்? மெல்லிய காம்புக்கு இந்தப் பெட்டி நன்றாக உதவுகிறது, காம்பு பழுப்பு ஒரே நிறமாக இருக்கும். இலைக்கு உதவாது.

ஆக நடுப்பட்டையில் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது என்பது உறுதி. வேறு எதை வைத்துப் பிரிப்பது? பளபளப்பு என்பது நாலாபக்கமும் இலைப் பச்சையால் சூழப்பட்ட தீவு. இடுக்கும் அதேபோல் இலைகளால் சூழப்பட்ட தீவு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. Limits-ஐ Contiguous-க்கு மாற்றினால், பிளஸ் குறி நிற்கும் இடத்தோடு ஒட்டித் தொடர்ச்சியாக இருப்பது மட்டும்தான் அழியும். இடுக்கில் அழுத்தினால் அந்த இடுக்கு போகும், பக்கத்து இலையின் பளபளப்பு நடுவில் பச்சை இருப்பதால் நிற்கும். இதற்குச் சரியான ஜோடி ஒன்ஸ்தான். பகலில் என்னைக் கவிழ்த்த அதே ஒன்ஸ்.

இங்கே இழுக்கவே இல்லை. டாலரன்ஸ் 20, பிரஷ் 40 பிக்சல், ஒவ்வொரு இடுக்குக்கும் நடுவில் ஒரே ஒரு சொடுக்கு. ஒரு சொடுக்குக்கு ஒரு சாம்பிள் என்பதால் அந்த இடுக்கின் நிறத்துக்கு அதுவே பொருந்திக்கொள்கிறது. வெளிறும் வானம் என்ற தொல்லையும் இல்லை. நடுப்பட்டையில் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு இடுக்கு. நாற்பத்தொரு சொடுக்கு. எங்கே தோற்றது என்றால், பளபளப்பு இலையின் விளிம்பு வரை வந்து வானத்தைத் தொட்ட இடங்களில். மூன்று இலையில் அப்படி இருந்தது. பச்சை வேலியே இல்லாததால் இடுக்கின் வழியாக இலைக்குள் புகுந்து மேய்ந்துவிட்டது. அந்த மூன்று இலையை இந்தக் கருவியின் எந்த மோடும் காப்பாற்றாது. பென் டூலால் விளிம்பை வரைந்து செலக்‌ஷனாக்கிக் கையால் வெட்டினேன். விளிம்பு எங்கே இருக்கிறது என்று படத்தில் இல்லை, நான்தான் இலையின் வடிவத்தைப் பார்த்து ஊகித்தேன்.

இப்படி நாற்பது நாற்பத்தைந்து சொடுக்குகள் சொடுக்குகிறபோது, படத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். இந்தக் கருவி உண்மையிலேயே பிக்சலை அழிக்கிறது, மாஸ்க் போல மறைப்பதில்லை. பூட்டிய பேக்ரவுண்ட் லேயரில் ஓட்டினாலும் கேட்காமல் அதை Layer 0 ஆக்கிவிட்டு அழிக்கத் தொடங்கிவிடும். அதனால் கன்ட்ரோல் ஜே அடித்துப் பிரதி எடுத்து, பிரதியில்தான் கை வைக்க வேண்டும். இதையே கொஞ்சம் நீட்டி, பிரதியில் அழித்தபின் அதன் தம்ப்நெயிலைக் கன்ட்ரோலோடு சொடுக்கிச் செலக்‌ஷன் எடுத்து, அதை மூல லேயருக்கு மாஸ்க்காகப் போடுகிறவர்கள் உண்டு. கேட்க நல்ல யோசனை. நானும் அன்றைக்குச் செய்து பார்த்தேன். இலை ஓரமெல்லாம் நீல நூல் கட்டியதுபோல் வந்துவிட்டது.

காரணம் இதுதான். பேக்ரவுண்ட் இரேசர் விளிம்பில் பிக்சலைப் பாதி ஊடுருவத் தெரியும்படி ஆக்குவதோடு நிற்பதில்லை, அந்தப் பிக்சலில் கலந்திருக்கும் பின்னணி நிறத்தையும் வெளியே எடுக்கப் பார்க்கிறது. மூல லேயரில் மாஸ்க் போட்டால் ஊடுருவும் அளவு மட்டும் வருகிறது, நிறம் பழைய நீலக் கலப்போடே இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் நீல நூல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், அச்சில் சாம்பல் பச்சையாகத் தெரியும். ஆகவே அழித்த பிரதியையே பயன்படுத்தினேன். மூலத்தை அடியில் கண் ஐகானை அணைத்து மறைத்து வைத்தேன், தவறிய இடத்தில் மட்டும் அதிலிருந்து துண்டு எடுத்து ஒட்டிக்கொள்ள.

எது எங்கே கெட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ள, கெட்டதின் வடிவமே போதும். பிரஷ் அளவுக்கு அரைவட்டக் கடி என்றால் கண்டினியூவஸில் பிளஸ் குறி இலையைத் தொட்டிருக்கிறது. இழுத்த பாதை நெடுகிலும் மட்டும் ஓட்டைகள், அந்தப் பாதைக்கு வெளியே இலை பத்திரம் என்றால் ஒன்ஸில் முதல் அழுத்தலோ டாலரன்ஸோ தப்பு. கை பட்ட இடமெல்லாம், எத்தனை இழுப்பு மாறினாலும், ஒரே சாயல் மட்டும் காணாமல் போயிருந்தால் ஸ்வாட்ச். ஒன்றுமே அழியவில்லை, அல்லது வெள்ளை மினுமினுப்பு மட்டும் போகிறது என்றால் யாரோ டி அழுத்தியிருக்கிறார்கள். டி அழுத்தினால் முன்சதுரம் கறுப்பு, பின்சதுரம் வெள்ளை என்று திரும்பிவிடும். ஸ்வாட்ச் அந்த வெள்ளையை நம்பிக்கொண்டு வேலை செய்யும். எங்கள் கடையில் அந்த யாரோ பெரும்பாலும் நான்தான், மாஸ்க் வேலை செய்த கை தானாக டி-க்குப் போய்விடுகிறது.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிவப்புத் தோளுக்கும் வானத்துக்கும் நடுவே எந்த மோடும் திணறாது. காயாக இருந்த ஒன்றின் மேல் மட்டும், கை படாத காய்க்கே உரிய அந்த மாவு பூத்த சாம்பல் படலம் இருந்தது. அது வெளிர் நீலச் சாயல். பகலில் 60 டாலரன்ஸில் அதுவும் போய், காயின் கன்னத்தில் சொறி பிடித்ததுபோல் ஆகியிருந்தது. இரவில் அதன் ஓரத்தைக் கண்டினியூவஸில் 10 வைத்துச் சுற்றினேன், படலம் அப்படியே நின்றது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இலைக்கும் வானத்துக்கும் சேனல் பேனலில் நீல சேனலை எடுத்து, அதை மாஸ்க்காக்கிக்கொள்கிற பழைய வழி ஒன்று இருக்கிறது. நீல சேனலில் வானம் வெளுத்தும் இலை கறுத்தும் தெரியும். நூற்றுக்கணக்கான இடுக்கு இருக்கும் படத்துக்கு அதுதான் வேகம். ஆனால் பளபளப்பு அதிலும் வெளுத்துத்தான் இருக்கும், கடைசியில் ஒவ்வொரு இலையாகக் கறுப்புத் தடவிச் சரிசெய்ய வேண்டும். விளிம்பின் நீலக் கலப்பையும் தனியாக எடுக்க வேண்டும். ஒரு கிளை, நாலு பழம் என்ற அளவுக்கு நான் இரேசரையே எடுப்பேன். முழு மரமே என்றால் சேனலுக்குப் போய்விடுவேன்.

கடைசியாக மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் கட்டம் போட்ட பின்னணியில் அரைகுறையாக அழிந்த பிக்சல் கண்ணில் படாது. அந்த லேயருக்கு லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக் கொடுத்து, கறுப்பில் 5 பிக்சல் வைத்தேன். சுத்தமாக அழிந்துவிட்டது என்று நினைத்த வானத்தில் எறும்பு ஊர்வதுபோல் கறுப்பு வளையங்கள் எழுந்தன, முப்பதுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் கண்டினியூவஸில் ஓட்டிய வெளிப்பகுதி. சாதாரண இரேசரால் துடைத்துவிட்டு ஸ்ட்ரோக்கை எடுத்தேன். மணி இரண்டரை.

காலையில் பெரியவர் வந்தார். மஞ்சள் பின்னணியில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வலது ஓரத்து இலை ஒன்றில் விரலை வைத்தார்.

“இங்க ஒண்ணு விட்டுட்டீங்களே தம்பி.”

மூலப்படத்தைத் திறந்து அதே இடத்தைக் காட்டினேன். அந்த ஓட்டை நான் போட்டது இல்லை. உண்மையிலேயே பூச்சி அரித்த ஓட்டை, அதன் வழியாக வானம் தெரிந்தது, நாற்பத்தொரு சொடுக்கில் அதுவும் ஒன்று. பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“அதையும் மூடிருங்க.”

பக்கத்து இலையிலிருந்து குளோன் எடுத்து மூடினேன்.